இருபத்திரண்டு புள்ளி பத்து

எனக்குக் கோபம் வந்தால் வாய் வராது. தொண்டை அடைத்துக்கொள்ளும், கை வேகமாக வேலை செய்யும். அதனால் என்னைப் பார்ப்பவர்கள் நான் பொறுமைசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பொறுமைசாலிப் பட்டம் எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது பத்தாவது. டைப்ரைட்டிங் லோயர் முடித்தேன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சில வருடங்கள் கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு எதிரில் மனு தட்டிக் கொடுத்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மனைகளுக்கும் வீடுகளுக்கும் பிளான் போட்டுத் தரும் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி டிப்ளமோ படித்த சர்வேயர், லைசென்ஸ் உள்ளவர். அவரை நாங்கள் சார் என்போம். நாங்கள் என்றால் நானும், வெளியில் போய் டேப் பிடித்து அளந்து வரும் அண்ணனும். மொத்த ஆபீசே அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் பிளான் வரையும் ஆட்டோகேட் எனக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. தப்புத் தப்பாகப் போட்டுத்தான் கற்றேன். முதல் வாரத்தில் ஒரு வீட்டுக்கு முப்பது அடி ஆறு அங்குல நீளத்தில் செவ்வகம் போட உட்கார்ந்தேன். நீளம் கேட்டது. காகிதத்தில் எழுதுவதுபோல 30' என்று அடித்து, ஒரு இடம் விட்டு, 6 என்று அடித்தேன். அந்த மென்பொருளில் இடம் விடும் கட்டையைத் தட்டினால் என்டர் தட்டியதாக அர்த்தம். முப்பது அடியை நீளமாக எடுத்துக்கொண்டது, ஆறை அகலமாக எடுத்துக்கொண்டது. திரையில் முப்பது அடி நீளத்தில் ஆறு அங்குல அகலத்தில் ஒரு குச்சி நின்றது. வீடு இல்லை, குச்சி. அன்று தனியாகச் சிரித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு 30'6 என்று ஒட்டித்தான் அடிப்பேன். அரை அங்குலம் இருந்தால் 30'6-1/2. அங்குலக் குறி போடாவிட்டாலும் பரவாயில்லை, அடிக்குறியை மட்டும் விடக் கூடாது. விட்டால் முப்பது அடி முப்பது அங்குலமாகிவிடும்.

இதெல்லாம் யூனிட்ஸ் என்ற அளவு அமைப்பில் ஆர்க்கிடெக்சுரல், அதாவது அடி அங்குலம், என்று வைத்திருந்தால்தான் நடக்கும். டெசிமல் என்று வைத்திருந்தால் அது அடிக்குறியையே ஏற்காது. வெறும் எண்ணும் புள்ளியும் மட்டும்தான். அந்த எண் அடியா மீட்டரா என்பதை நாமே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சார் டெசிமல்காரர். அவருடைய மூலக்கோப்பு, எல்லாப் படமும் அதிலிருந்துதான் தொடங்கும், டெசிமலில் இருந்தது. ஒரு எண் ஒரு அடி என்பது அவர் கணக்கு. அதில் தப்பில்லை, கணக்குத் தெரிந்து அடித்தால். ஆறு அங்குலம் என்றால் புள்ளி ஐந்து. மூன்று அங்குலம் என்றால் புள்ளி இரண்டு ஐந்து. அப்படிப் பன்னிரண்டால் வகுத்து அடிக்க வேண்டும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் கொத்தனாரிலிருந்து மனை புரோக்கர் வரை எல்லோரும் அடியையும் அங்குலத்தையும் புள்ளி வைத்துத்தான் எழுதுவார்கள். இருபத்திரண்டு அடி பத்து அங்குலம் என்றால் 22.10. டேப் பிடிக்கிற அண்ணனும் சிகரெட் அட்டையில், கையில், எதில் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார். காகிதத்தில் அது பாவமில்லை, படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்கு 22.10 என்பதும் 22.1 என்பதும் ஒன்று. ஒரு அடியைப் பத்தாகப் பிரித்ததில் ஒரு பங்கு, அங்குலத்தில் சொன்னால் ஒன்றும் சொச்சமும். பத்து அங்குலம் வேண்டுமென்றால் 22.8333 என்று அடிக்க வேண்டும்.

நான் என் வேலையெல்லாம் யூனிட்ஸை மாற்றிக்கொண்டுதான் செய்வேன். சார் ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குமா ஒவ்வொண்ணுக்கும் அடி மார்க் போட்டுக்கினு குந்திருக்கே? புள்ளி வெச்சித் தட்டு, வேலை நிமிசத்துல ஓடும்" என்றார். நான் சரி சார் என்றேன். மாற்றவில்லை. என்னுடைய எதிர்ப்பெல்லாம் அந்த அளவில்தான் இருக்கும்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடம். எல்லோரும் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம். இன்று இந்த ஆபீசில் மனு, நாளை அந்த ரோட்டில் மறியல் என்று இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்ற பேச்சுத்தான். ஒருநாள் நான் சங்கராபுரத்திலிருந்து வந்த பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள். ரோட்டின் குறுக்கே எங்கள் சாதிக்காரர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். நகரவே முடியவில்லை. மத்தியானம் வரை பஸ்ஸிலேயே இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்றைக்குத்தான் அந்தப் படம் போடப்பட்டது.

ஊருக்கு வெளியே ஒரு பெரியவர் தன் மனையைச் சரிபாதியாக இரண்டு பேருக்கு விற்றார். தெருப் பக்கத்து அகலம் நாற்பத்தைந்து அடி எட்டு அங்குலம். ஆழம் நாற்பது அடி. ஒரு பாதியை டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டும் ஒருவர் வாங்கினார். இன்னொரு பாதியை வடக்கனந்தல் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் ஒரு பெண் வாங்கினாள். அவள் புருஷன் பாதி நாள் கல்வராயன் மலையில் மரவள்ளி மூட்டை ஏற்றுகிற வேலையில் இருப்பான். சொந்தமாக ஒரு கைப்பிடி மண் இல்லாத குடும்பம். அவள்தான் ஆபீசுக்கு இரண்டு முறை வந்து, அளந்தாச்சா, அளந்தாச்சா என்று கேட்டுப் போனவள்.

அண்ணன் அளந்து கல் நட்டுவிட்டு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்திருந்தார். 45.8. அதற்குக் கீழே 22.10, 22.10.

நான் இல்லாததால் சாரே உட்கார்ந்திருக்கிறார். டெசிமலில் 45.8 என்று அகலத்தை அடித்தார். அந்தப் பெண்ணின் பாதியை 22.10 என்று அடித்துக் குறுக்குக் கோடு போட்டார். மீதியை அடிக்கவில்லை, கம்ப்யூட்டரையே அளந்து எழுத விட்டுவிட்டார். புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் பூஜ்யம் காட்டாதபடிதான் அவர் கோப்பு இருந்தது. படத்தில் அவள் மனை 22.1 என்று வந்தது. பக்கத்து மனை 23.7 என்று வந்தது.

மறுநாள் நான் வந்தபோது அச்சு எடுத்து மேசைமேல் இருந்தது. பத்திரம் எழுதுகிறவர் ஊர் வழக்கப்படி புள்ளிக்குப் பின்னால் இருந்ததை அங்குலமாகப் படித்து எழுதியும் முடித்துவிட்டார். இருபத்திரண்டு அடி ஒரு அங்குலம். இருபத்து மூன்று அடி ஏழு அங்குலம். சரிபாதி என்று பேசிய மனை எப்படி இருபத்திரண்டும் இருபத்து மூன்றுமாக ஆகும்? சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பார்வையில் புரிந்துவிட்டது.

"சார், சீட்டுல ரெண்டுமே இருபத்திரண்டு அடி பத்து அங்குலம்ங்க."

"கூட்டிப் பாரு" என்றார் சார், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

கூட்டினேன். இருபத்திரண்டும் இருபத்து மூன்றும் நாற்பத்தைந்து. ஒன்றும் ஏழும் எட்டு. நாற்பத்தைந்து அடி எட்டு அங்குலம். இம்மியும் பிசகவில்லை.

"வருதா?"

"வருதுங்க. ஆனா..."

"பத்திரக்காரரும் கூட்டிப் பாத்துட்டாரு. மொத்தம் சரியா இருந்தா இன்னா கொறை ஒனக்கு? ஒங்க ஆளுங்க ரோட்ல குந்திக்கினு பங்கு கேக்கறாங்க, நீ லீவு போட்டுட்டு வந்து என்கிட்ட கணக்குக் கேக்கறே. அவங்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல டோக்கன் பதினோரு மணிக்கு. எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். ஆமாம், நான்தான் என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் வாசலில் புதுப் புடவையில் நின்றிருந்தாள், வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளிடம் ஒரு வார்த்தை, "யம்மா, இந்த அளவ ஒருமுறை கேட்டுக்கோ" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. சாரின்மேல் எவ்வளவு கோபமோ அதில் பாதி என்மேலும் உண்டு. ஆனால் சரிபாதி இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பொங்கல் கழிந்து அவள் அஸ்திவாரம் தோண்டினாள். அண்ணன் நட்ட கல்லை ஒட்டித்தான் தோண்டினாள். கல் சரியான இடத்தில்தான் இருந்தது. சுவர் முழங்கால் உயரம் வந்தபோது டிராக்டர்காரர் தன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து வேலையை நிறுத்திவிட்டார். என்னுடையது இருபத்து மூன்று அடி ஏழு அங்குலம், உன் சுவர் ஒன்பது அங்குலம் என் மனைக்குள் நிற்கிறது என்றார். டேப் பிடித்துக் காட்டினார். அவர் சொன்னதும் காகிதப்படி உண்மைதான். ஒன்பது அங்குலம் என்பது எங்கள் ஊரில் ஒரு சுவரின் கனம். ஒரு பக்கத்துச் சுவர் முழுவதையும் அவள் இடிக்க வேண்டும்.

மறுநாள் காலை மூன்று பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். அவள், அவள் புருஷன், டிராக்டர்காரர். அவள் பாதத்தில் சிமெண்டு காய்ந்திருந்தது.

"யக்கா, எல்லாம் அளந்துதான குடுத்தீங்க? கல்லு ஒரு எடத்துல கீது, காயிதம் ஒண்ணு சொல்லுது. நான் எத நம்பறது?" என்று அவள் என்னிடம்தான் கேட்டாள். சாரிடம் கேட்க அவளுக்குப் பயம்.

சார் அச்சை வாங்கிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். அவருக்கும் ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. பிறகு அவர் சொன்னார்: "இந்தம்மாதான் போட்டது. பத்தாவது படிச்ச ஆள வேலைக்கு வெச்சா இப்படித்தான். புள்ளி எங்க வெக்கணும், அடி எங்க வெக்கணும்னு தெரியாது."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. புள்ளி வைக்கிறவர் யார், அடிக்குறி போடுகிறவர் யார் என்று எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும், ஓரத்தில் நின்ற டேப் அண்ணனுக்கும் தெரியும். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பின் மேல் சுட்டியை வைத்தால் போதும், எந்த நாள் எத்தனை மணிக்குச் சேமித்தது என்று அதுவே சொல்லும். அந்த நாளில் நான் ரோட்டில் நின்ற பஸ்ஸில் இருந்தேன். பஸ் டிக்கெட்கூட பர்சில் இருந்திருக்கலாம். வாய் வரவில்லை.

வாய் வராததால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். புதிதாக ஒரு படம் திறந்தேன். யூனிட்ஸில் ஆர்க்கிடெக்சுரல் வைத்தேன். அளவு எழுதும் பாணியிலும் அதையே வைத்தேன். அதை மாற்ற மறந்தால் கோடு சரியாக இருந்தாலும் எழுத்து பழையபடிதான் வரும். 45'8 அடித்தேன். 22'10 அடித்தேன். ஒட்டி, இடம் விடாமல். மீதியை அளக்க வைத்தேன். இரண்டு பக்கமும் 22'-10" என்று வந்தது. பக்கத்திலேயே சாருடைய படத்தைத் திறந்து வைத்தேன். டிராக்டர்காரர் குனிந்து பார்த்தார். அவருக்கு அங்குலம் தெரியும், டிரெய்லருக்கு அளந்து தகடு அடிக்கிறவர்தானே.

"ஓ" என்றார். "பத்து அங்குலம் போய் ஒரு அங்குலம் ஆயிட்ச்சா? ஒம்போது அங்குலத்த மிஷினே முழுங்கிட்ச்சா?"

"மிஷின் முழுங்கலண்ணே, சொன்னதத்தான் செஞ்சிது" என்றேன். அன்று காலை நான் பேசிய முதல் வார்த்தை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. சாரிடம் திரும்பிச் சொன்னார்: "இத பாருங்க சார். பிழைத்திருத்தல் பத்திரம் போடணும்னா போடுங்க, வித்த பெரியவரையும் கூட்டியாரேன், நான் கையெழுத்துப் போடறேன். ஆனா தப்பு ஆபீசுதுன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா நாளைக்கு என் பங்காளிங்க, இவன் பொம்பளைக்குப் பயந்துக்கினு நெலத்த வுட்டுட்டான்னு பேசுவானுங்க."

அவள் சாரைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்தால் சுவர் நிற்கும். இல்லாவிட்டால் இடிக்க வேண்டும்.

"ஆபீசு தப்புன்னு எழுதினா என் லைசென்ஸ் இன்னா ஆவறது?" என்றார் சார். "இந்தம்மா தட்டச்சுல கவனக்குறைவா அடிச்சிட்டாங்கன்னு எழுதலாம். அவங்க கையெழுத்துப் போடட்டும்."

அவரே சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இந்த அலுவலகத்தில் வரைபடம் வரையும் பணியாளராகிய என்னுடைய கவனக்குறைவால். அந்த வரியை என் விரல்கள்தான் அடித்தன. ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன். அச்சு எடுத்தேன். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போட மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். வேலை போயிருக்கும், அது பரவாயில்லை. ஆனால் அவள் கால் என் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது, விரல் இடுக்கில் காய்ந்த சிமெண்டோடு. நான் எழுந்து போனால் என் மானம் மிஞ்சும், அவள் சுவர் மிஞ்சாது.

கையெழுத்துப் போட்டேன்.

"ரொம்ப நன்றிக்கா" என்றாள் அவள். பிறகு, தப்பாக ஒன்றும் நினைக்காமல், ஆறுதலாக, "மனுசங்கதானக்கா, தப்பு வர்றதுதான். இனிமே பாத்து அடிங்க" என்றாள்.

அந்தச் சொல்தான் இன்றுவரை குத்துகிறது. சார் சொன்னதுகூட அவ்வளவு இல்லை. அவளிடம் திரும்பி, "அது நான் அடிச்சது இல்ல" என்று சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. திருத்தப் பத்திரம் பதிவாயிற்று. அவள் சுவர் எழும்பியது. ரிஷிவந்தியம் பஸ்ஸில் போகும்போது ஒருமுறை பார்த்தேன், மேலே ஓடு போட்டிருந்தாள். அந்தப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் நீலம் அடித்திருந்தாள். எனக்குச் சந்தோஷம்தான். கோபமும் குறையவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில் இருக்கும் போலிருக்கிறது.

கடிதம் கொடுத்த மறுநாள் நான் சீக்கிரமாகவே ஆபீசுக்குப் போனேன். சார் வரவில்லை. அவருடைய மூலக்கோப்பைத் திறந்தேன். யூனிட்ஸை ஆர்க்கிடெக்சுரலுக்கு மாற்றினேன். ஒரு எண் ஒரு அடியாக இருந்தது இப்போது ஒரு அங்குலமாகிவிடும், அதனால் அதில் தாளைச் சுற்றியிருந்த கட்டத்தையும் பெயர் எழுதும் பட்டியையும் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கினேன். அளவு எழுதும் பாணியை மாற்றினேன். சேமித்தேன். பிறகு மேசையைத் துடைத்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பத்து மணிக்கு சார் வந்து புதுப் படம் ஒன்றைத் தொடங்கினார். யாரோ ஒருவருடைய மனை, முப்பது அடி ஆறு அங்குலம். வழக்கப்படி 30.6 என்று தட்டினார். முப்பது புள்ளி ஆறு அங்குலத்துக்கு ஒரு கோடு விழுந்தது. இரண்டரை அடி. அவ்வளவு பெரிய கட்டத்தின் மூலையில் அது எறும்பு மாதிரி இருந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடி எறும்பு.

"இன்னா ஆச்சு இதுக்கு? வைரஸ் பூந்துட்ச்சா?"

"இல்லிங்க சார். அடி மார்க் போட்டு அடிங்க" என்றேன்.

அவர் நாற்காலியோடு திரும்பினார். "யார் மாத்தினது இத?"

ஆனால் இந்த முறை வாய் வந்தது.

"நான்தான் சார் மாத்தினேன். இது மட்டும் நான் செஞ்சதுங்க. வேணும்னா இதுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

டேப் அண்ணன் வாசலில் பீடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைக்காரப் பார்ட்டி எதிரில் உட்கார்ந்திருந்தது, திட்ட முடியாது. பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, விசைப்பலகையின் மேல் குனிந்தார். அடிக்குறி எந்தக் கட்டையில் இருக்கிறது என்று ஒரு விரலை நீட்டியபடி தேடிக்கொண்டிருந்தார்.

நான் காட்டிக் கொடுக்கவில்லை.